ஐப்பசி முழுக்குக்குப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு: சில கேள்விகள், என் பதில்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, மயிலாடுதுறையில் காவிரி முழுக்குக்குரிய படித்துறையான துலாக் கட்டத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். நான் பிறந்து வளர்ந்தது அந்த ஊரில். செவிலியராக இருந்து ஓய்வு பெற்றபின், ஒவ்வோர் ஐப்பசியிலும் அந்தப் படித்துறையில்தான் வயதானவர்களுக்குத் துணையாக நிற்கிறேன். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

"அம்மாவுக்கு 76 வயது. ஐப்பசி கடைசி நாளான கடைமுகத்தன்றுதான் முழுக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. வேறு நாளில் போனால் பலன் குறையுமா?"

குறையாது. இதை அம்மாவிடம் நீங்கள் சொல்வதைவிட, முடவன் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்; அவருக்கே அது தெரிந்திருக்கும். துலா மாதமான ஐப்பசி முடிவதற்குள் காவிரியில் முழுகிவிட வேண்டும் என்று கால் முடியாத ஒருவர் ஊரிலிருந்து புறப்பட்டார். வந்து சேர்வதற்குள் அது முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டது. அவர் மனம் உருகி வேண்ட, அவருக்காக ஒரு நாள் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதனால்தான் கார்த்திகை முதல் தேதி முழுக்குக்கு முடவன் முழுக்கு என்று பெயர். நடக்க முடியாதவருக்கென்றே வைத்த நாள் அது. 76 வயதில் மூட்டு வலியோடு வருகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான நாள் உண்டா?

கூட்டத்தின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். கடைமுகம் பெரும்பாலும் நவம்பர் 15 அல்லது 16-ல் வரும். அன்று மாயூரநாதர் முதலான மூர்த்திகள் காவிரிக் கரைக்கு எழுந்தருளி, நடுப்பகலை ஒட்டித் தீர்த்தவாரி நடக்கும். சுவாமியின் ஆயுத வடிவமான அஸ்திரதேவரை ஆற்றில் நீராட்டும் அந்தச் சில நிமிடங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கப் பார்ப்பார்கள். ஆபத்து அந்த நேரத்தில்தான். 1992 கும்பகோணம் மகாமகத்தில் நெரிசலில் சிக்கி ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். அது குளம், இது ஆறு. ஆனால் ஒரே நொடிக்காகக் காத்திருக்கும் கூட்டம் எங்கேயும் ஒரே மாதிரிதான் நெருக்கும்.

கடைமுகத்தன்றே போக வேண்டும் என்றால் விடியலில் போய்விடுங்கள். சூரிய உதயத்துக்கு 4 நாழிகைக்கு முன்பிருந்தே அருணோதய காலம். ஒரு நாழிகை 24 நிமிடம். நவம்பர் நடுவில் மயிலாடுதுறையில் சுமார் 6.10-க்கு உதயம் என்பதால், 4.35 மணியிலிருந்தே நல்ல காலம்தான். ஆனால் பெரியவர்களுக்கு அந்த இருட்டு வேண்டாம். ஈரப் படியில் அடுத்த விளிம்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். 5.50-லிருந்து 6.30-க்குள் முழுகிவிட்டு, தீர்த்தவாரியைக் கரைக்கு மேலே நின்று தரிசித்தால் போதும். தீபாவளி அமாவாசையன்றும் இதே நெரிசல் இருக்கும். தர்ப்பணம் செய்ய வேண்டியவர்கள் அதையும் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

"அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறது. முழுகும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்கிறார். மாத்திரையையும் தள்ளிப்போடுகிறார்."

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்துறையில் நான் அதிகம் பார்த்தது இந்தச் சிக்கலைத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி முழுகி எழுந்து இரண்டாவது படியில் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று மகன் துண்டால் போர்த்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் என்னை யாரோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அடுப்பை அணைச்சியா?" என்று கேட்டார். அது அவருடைய மகள் பெயராம். முந்தைய இரவு சாப்பாடு இல்லை, ஆனால் இன்சுலின் மட்டும் வழக்கம்போல் போட்டிருந்தார்கள். சர்க்கரை தாழ்ந்திருந்தது. கரையில் இருப்பவருக்கு இப்படி ஆனால் முதலில் வியர்வை காட்டிக்கொடுக்கும். முழுகி எழுந்தவருக்கு உடம்பெல்லாம் ஈரம், வியர்வை தெரியாது. நடுக்கத்தையும் குளிர் என்றே நினைத்துவிடுவோம். ஆகவே ஆற்றங்கரையில் பேச்சைத்தான் கவனிக்க வேண்டும். ஊர் பெயர், பேரன் பெயர் கேளுங்கள். பதில் தடுமாறினால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்தப் பாட்டி இரண்டாவது டம்ளருக்குப் பிறகு தெளிந்து, மகனை அடையாளம் கண்டு அழுதுவிட்டார்.

அப்பாவின் விரதத்துக்கு வருகிறேன். தண்ணீர், கிழங்கு, பழம், பால், மருந்து இவையெல்லாம் விரதத்தைக் கெடுக்காது என்று சாஸ்திரமே விலக்கு கொடுத்திருக்கிறது. எட்டுப் பொருள் கொண்ட அந்தப் பட்டியலை உங்கள் வீட்டு வாத்தியாரைக் கேட்டால் சுலோகத்தோடு சொல்வார். பிள்ளை சொல்லிக் கேட்காதவர் வாத்தியார் சொன்னால் கேட்பார். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு இறங்கட்டும். அன்றைய அளவைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நீர் பிரிய மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்பதையும் கேளுங்கள். இல்லையென்றால் கழிப்பிட வரிசையில் நிற்க நேரும் என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள்.

ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். முழுகி எழுந்ததும் நேராகப் படி ஏற விடாதீர்கள். குனிந்து நிமிரும்போது அழுத்தம் சரிந்து கண் இருட்டும். படியில் இரண்டு நிமிடம் உட்கார வைத்து, அதன்பின் எழுப்புங்கள்.

"படியிறங்கவே முடியாது. மேலே உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டால் அது துலா ஸ்நானம் ஆகுமா?"

தாராளமாக ஆகும். ஸ்நானத்தையே ஏழு வகையாகச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரில் முழுகுவது வாருணம். மந்திரம் சொல்லிப் புரோட்சணம் செய்துகொள்வது மாந்த்ரம். விபூதி பூசுவது ஆக்னேயம். மனத்தால் நினைப்பதே மானசம். இயலாதவருக்குத் தலை நனைக்காமல் கழுத்துவரை குளிக்கும் கண்ட ஸ்நானமும் உண்டு.

அகலமான ஒரு படியில் முக்காலி போட்டு உட்கார வைத்து, சங்கல்பம் சொல்லி, முதலில் காலில், பிறகு தோளில், கடைசியாகத் தலையில் ஊற்றுங்கள். குளிர்ந்த நீரை எடுத்த எடுப்பில் தலையில் கொட்டினால் மூச்சு ஒரு கணம் நின்று பதறும். இதய நோய் உள்ளவருக்கு அது நல்லதல்ல. காலில் புண் இருப்பவர், பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளி, இவர்கள் ஆற்றில் இறங்கவே வேண்டாம். கண்ணாடிச் சில்லு குத்தினால்கூடத் தெரியாது. அழுக்கு நீர் புண்ணில் பட்டால் நோய் தொற்றும். இவர்களுக்குச் சொம்புதான் சரி.

"எப்படி இறங்குவது, எந்தப் பக்கம் பார்த்து முழுகுவது?"

பெரியவர் ஒருவருக்கு இரண்டு பேர் துணை வேண்டும். இறங்கும்போது ஒருவர் எப்போதும் ஒரு படி கீழே, அவருக்கு முன்னால் இருக்க வேண்டும். ஏறும்போதும் ஒருவர் ஒரு படி கீழே, பின்னால். கையைப் பிடித்து மேலிருந்து இழுப்பவர்தான் அதிகம், அதில் வழுக்கினால் இருவரும் விழுவார்கள். பிடிக்க வேண்டியது மணிக்கட்டை அல்ல, அக்குளுக்குக் கீழே.

ஆற்றில் நீரோட்டத்தை எதிர்நோக்கி முழுக வேண்டும், குளத்தில் சூரியனை நோக்கி. ஓட்டத்தை எதிர்கொண்டு கால் அகட்டி நிற்பது பிடிமானத்துக்கும் நல்லது. தண்ணீர் தொடைக்கு மேல் போகக் கூடாது. உட்கார்ந்து எழுந்தால் தலை நனைந்துவிடும். நடு ஆற்றில் இருக்கும் நந்தி மண்டபம்வரை போய்வர ஆசைப்படுவார்கள். வேண்டாம், கீழே மணல் பள்ளம் எங்கே என்று தெரியாது. புடவை கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகிவிடுங்கள். நனைந்த புடவை காலைச் சுற்றினால் நகர முடியாது. காது கேட்கும் கருவி, பல்செட், வளையல் எல்லாம் முன்பே உங்கள் பையில் இருக்கட்டும்.

"சோப்பு போடலாமா?"

கூடாது. எண்ணெய் தேய்த்துக்கொண்டும் இறங்கக் கூடாது. வீட்டில் ஒருமுறை குளித்துவிட்டு வந்து தீர்த்தமாடுவதுதான் முறை. துணியையும் ஆற்றுக்குள் பிழியக் கூடாது, கரையேறிப் பிழியுங்கள்.

"காவிரிக்கு என்ன படைக்கலாம்? உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வர வேண்டும் என்கிறார்களே?"

துணி விடுவது பற்றி எனக்கு வருத்தம் உண்டு. அந்தப் புடவை எங்கும் போவதில்லை. படித்துறைக்குக் கீழே சேற்றில் புதைந்து கிடக்கும், அடுத்து வரும் பெரியவர் காலில் சிக்கும். பழைய துணியைக் கழிக்க வேண்டும் என்றால் கரையிலேயே அதற்கென வைத்திருக்கும் இடத்தில் போட்டுவிடுங்கள். நல்ல துணியாக இருந்தால் தானம் கொடுங்கள்.

காவிரித் தாய்க்கு வேண்டியது கொஞ்சம் மஞ்சள், குங்குமம், உதிரிப் பூ, வெற்றிலை பாக்கு, ஒரு பழம். தேங்காய் உடைத்தால் மூடியை ஆற்றில் எறியாமல் பிரசாதமாக எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் உறையோடு பூச்சரத்தை வீசாதீர்கள், நாரையும் நூலையும் பிரித்துவிட்டு இதழாகத் தூவுங்கள். விளக்கு விடுவதானால் வாழை மட்டையிலோ தொன்னையிலோ விடுங்கள், தெர்மாகோல் தட்டு வேண்டாம். எண்ணெய் சிந்திய படியில்தான் அதிகம் வழுக்கும். ஆகவே விளக்கைப் பெரியவர் கையில் கொடுத்து இறங்கச் சொல்லாமல், நீங்கள் இறங்கி விடுங்கள், அவர் மேலிருந்து கைகூப்பட்டும்.

"ஆற்றில் தண்ணீரே இல்லாவிட்டால்?"

2017 காவிரி புஷ்கரத்தின்போது ஆற்றுக்குள்ளேயே தொட்டி கட்டி நீர் நிரப்பினார்கள். நீர் வரத்துக் குறைந்த வருடங்களில் ஆழ்குழாய் நீரில் நீராடியவர்களும் இருக்கிறார்கள். காவிரி மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு நீராடுங்கள். மாறாக மழை கொட்டி ஆறு செம்மண் நிறத்தில் வேகமாக ஓடினால், அன்று முதல் படியோடு நின்று சொம்பில் ஊற்றிக்கொள்ளுங்கள். காலையில் புறப்படும் முன் உள்ளூரில் ஒருவரிடம் தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கேட்டுவிடுங்கள். முந்தைய மாலையும் கேட்டு வைத்திருந்தால், ராத்திரிக்குள் எத்தனை படி ஏறியது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.