டிக்கெட்டில் வரி கட்டியாயிற்று, ஏர்போர்ட்டில் ஏன் மறுபடியும்?

கேள்வி: என் மகன் மணிலாவில் மருத்துவம் படிக்கிறான். போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போதுதான் முதல் முறையாக விடுமுறைக்கு ஊருக்கு வருகிறான். போக வர டிக்கெட்டைச் சென்னையில் ஒரு ஏஜென்ட் மூலம் எடுத்தோம். ஏர்போர்ட்டில் வரி, கட்டணம் என்று ரொக்கமாகக் கேட்பார்கள் என்று அவனுடைய சீனியர்கள் சொல்கிறார்களாம். டிக்கெட் விலையிலேயே வரிகள் சேர்ந்திருக்கின்றனவே, மறுபடியும் எதற்குக் கட்ட வேண்டும்? எவ்வளவு பணம் வைத்துக்கொள்ளச் சொல்வது? கார்டு போதாதா? - ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: சீனியர்கள் சொல்வது சரிதான். உங்கள் மகன் இரண்டு இடங்களில் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஒன்று டிராவல் டாக்ஸ் எனப்படும் பயண வரி, 1,620 பெசோ. மற்றொன்று குடியேற்றத் துறைக்குக் கட்டுவது. அது பல இனங்கள் சேர்ந்த தொகை என்பதால் 3,000 பெசோ அளவுக்குத் தனியாக எடுத்துவைப்பது நல்லது. ஆக, 5,000 பெசோ கையில் ரொக்கமாக இருந்தால் கவலையில்லை. முதல் வரியை வீட்டிலிருந்தே கட்டிவிடவும் வழி உண்டு.

டிக்கெட்டில் ஏறுகிற வரி எது, ஏறாத வரி எது என்பது தெரிந்தால் எந்த நாட்டு விமான நிலையத்திலும் திகைக்க வேண்டியிருக்காது. ஒரு விமானத்தில் ஏறும் எல்லாரிடமும் ஒரே தொகையாக வாங்கும் கட்டணத்தை டிக்கெட்டில் சேர்ப்பது எளிது. பாலித் தீவில் 2015 பிப்ரவரி வரை வெளிநாடு புறப்படும் ஒவ்வொருவரும் 2,00,000 ருப்பியாவைத் தனி வரிசையில் நின்று கட்டிவந்தார்கள். அந்த ஆண்டு மார்ச் முதல் அது டிக்கெட்டோடு சேர்ந்துவிட்டது. மணிலாவிலும் அதே ஆண்டு பிப்ரவரியில் 550 பெசோ முனையக் கட்டணத்தை டிக்கெட்டில் சேர்த்தார்கள். 2025 செப்டம்பரில் அது 950 ஆக உயர்ந்தது. உங்கள் மகனின் டிக்கெட்டிலும் அது சேர்ந்தே இருக்கும். அதற்காக யாரும் அவனிடம் பணம் கேட்கப் போவதில்லை.

ஆனால் பயணி யார், எந்த நாட்டவர், எத்தனை மாதம் தங்கினார் என்பதைப் பொறுத்து மாறுகிற கட்டணத்தை டிக்கெட் எடுக்கும் கணினி எப்படிக் கணக்கிடும்? சென்னை ஏஜென்டின் திரையில் உங்கள் மகன் ஒரு இந்தியப் பயணி, அவ்வளவுதான். அவன் பாஸ்போர்ட்டில் என்ன விசா இருக்கிறது, அந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தான் என்பதெல்லாம் அங்கே தெரியாது. 550 பெசோவைச் சேர்த்தபோதே இந்தச் சிக்கல் தலைதூக்கியது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களுக்கு அந்தக் கட்டணத்திலிருந்து சட்டப்படி விலக்கு உண்டு. கணினி அவர்களிடமும் வாங்கிவிட்டது. பிறகு விமான நிலையத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆளுக்கு ஆள் மாறும் வரிகள் இன்னமும் கவுண்டரில் வசூலாவதற்குக் காரணம் இதுதான்.

பயண வரி அந்த வகை. 1977இல் வந்த ஒரு ஜனாதிபதி ஆணையின்படி வசூலாகிறது. வசூலிப்பது டியேசா என்ற சுற்றுலாத் துறை அமைப்பு. பிலிப்பைன்ஸ் குடிமக்கள், அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் வெளிநாட்டவர், ஓராண்டுக்கு மேல் தங்கிய மற்ற வெளிநாட்டவர் ஆகியோர் கட்ட வேண்டும். எகானமி வகுப்புக்கு 1,620 பெசோ, முதல் வகுப்புக்கு 2,700. ஒரு வாரம் சுற்றிப்பார்க்கப் போய்வருகிறவருக்கு இது கிடையாது. அதனால்தான் சுற்றுலா போய் வந்த உறவினர் யாராவது "அப்படி எதுவும் எங்களிடம் கேட்கவில்லையே" என்று சொல்வார். அவர் சொல்வதும் உண்மை, சீனியர்கள் சொல்வதும் உண்மை. ஒன்றரை வருடம் இருந்த மாணவனின் கணக்கு வேறு. (வசூலாகும் தொகையில் 40 சதவீதம் அந்நாட்டு உயர்கல்வி ஆணையத்துக்குப் போகிறது என்பது கல்லூரிக் கட்டணம் கட்டி அலுத்த பெற்றோருக்கு எந்த அளவு ஆறுதல் தரும் என்று தெரியவில்லை!)

இது ஏற்கெனவே டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஏஜென்டிடம் மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல், வரி விவரத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள். இ-டிக்கெட்டில் கட்டணத்துக்குக் கீழே தொகைகளும் அவற்றை ஒட்டி இரண்டெழுத்துக் குறியீடுகளும் இருக்கும். `LI` என்பது பிலிப்பைன்ஸின் முனையக் கட்டணம். `PH` என்பது பயண வரி. இந்தியாவில் எடுக்கும் டிக்கெட்டில் பெரும்பாலும் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. அந்நாட்டு விமான நிறுவனத்தின் இணையதளத்தில் எடுத்தால் பயண வரியையும் சேர்க்கவா என்று கேட்பதுண்டு. சில மலிவு விமான நிறுவனங்கள் குறியீடு போடாமல் வரியின் பெயரையே முழுதாக அச்சிடுகின்றன. எப்படி இருந்தாலும், 'வரிகள் மற்றும் கட்டணங்கள்' என்ற ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு எல்லாம் கட்டியாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

`PH` இல்லையென்றால் `traveltax.tieza.gov.ph` என்ற தளத்தில் முன்கூட்டியே கட்டிவிடலாம். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். டிக்கெட் விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். கிடைக்கும் ரசீதைப் போனில் வைத்துக்கொள்வதோடு ஒரு நகலும் எடுத்துக்கொள்வது நல்லது. போன் பேட்டரி இறங்குவது எப்போதும் கவுண்டரின் முன்னால்தான். வரித் தொகை மாறலாம். இந்த வரியை அடியோடு நீக்க வேண்டும் என்ற பேச்சும் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எழுந்திருக்கிறது. ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அதே தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டாமல் போய்விட்டால் என்ன ஆகும்? மகன் பெட்டிகளோடு வரிசையில் நின்று கவுண்டரை அடைகிறான். அங்கிருக்கும் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டி, மாணவர் விசா பக்கத்தில் நிறுத்துகிறார். உள்ளே வந்த முத்திரையின் தேதியைப் பார்க்கிறார். "டிராவல் டாக்ஸ் ரசீது?" என்கிறார். இல்லையென்றால் போர்டிங் பாஸ் கிடையாது. டியேசா கவுண்டருக்குப் போய், அங்கே இருக்கும் வரிசையில் நின்று, கட்டிவிட்டுத் திரும்ப வர வேண்டும். சர்வதேச விமானங்களுக்குச் செக்-இன் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு முடிந்துவிடும். இரண்டு மணி நேரம் முன்பு வந்தவனுக்கு, முதல் வரிசையிலேயே 40 நிமிடம் போயிருந்தால், மிச்சம் இருப்பது 20 நிமிடம்தான். அதில் ஏடிஎம்மையும் தேட வேண்டும் என்றால் கஷ்டம். பெட்டியை எடை போட வரிசையில் நிற்பதற்கு முன்பே டியேசா கவுண்டருக்குப் போனால் இந்த ஓட்டம் மிச்சம்.

கார்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கார்டு சில கவுண்டர்களில் ஓடும், சில நாளில் ஓடாது. நம் வங்கிகளின் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருந்தால் ஓடவே ஓடாது. ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 250 பெசோ அளவுக்குப் பிடிக்கிறார்கள். மாணவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம், கடைசி நாளில் கையில் இருக்கும் பெசோவையெல்லாம் ஊருக்கு வாங்கிப்போகும் சாமான்களில் செலவழித்துவிடுவது. அதை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். டாலரையோ ரூபாயையோ நம்பி வர வேண்டாம், பெசோவாகவே இருக்கட்டும்.

இனி குடியேற்றத் துறையின் கட்டணம். விமான நிலையத்தில் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் சிக்குகிறார்கள். அந்நாட்டில் செல்லுபடியாகும் மாணவர் விசா வைத்திருப்பவர் தற்காலிகமாக வெளியே போய்த் திரும்புவதற்கு இ.சி.சி. எனப்படும் வெளியேறும் அனுமதிச் சான்றும், மீண்டும் உள்ளே வருவதற்கான சான்றும் வேண்டும். விடுமுறைக்கு வருகிறவருக்குரியது 'பி' வகை. புறப்படும் நாளில் விமான நிலையத்திலேயே, குடியேற்றப் பிரிவின் கேஷியரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அந்த ரசீதோடுதான் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரியின் வரிசைக்குப் போக வேண்டும். கேஷியரை விட்டுவிட்டு நேராக வரிசையில் நின்றவர்களைத் திருப்பி அனுப்புவார்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மகனின் விசாவும் ஏசிஆர் ஐ-கார்டு எனப்படும் வெளிநாட்டவர் அட்டையும் செல்லுபடியாக இருக்க வேண்டும். இன்றே அந்த அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, காலாவதித் தேதியைப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால், அல்லது சுற்றுலா விசாவில் போய் மாணவர் விசாவுக்கு மாற்றும் வேலை இன்னும் முடியாமல் இருந்தால், கேஷியரிடம் பணத்தை நீட்டிப் பயனில்லை. ஆறு மாதத்துக்கு மேல் சுற்றுலா விசாவில் இருப்பவருக்கு 'ஏ' வகைச் சான்று வேண்டும். அது விமான நிலையத்தில் கிடைக்காது. குடியேற்றத் துறை அலுவலகத்துக்கு நேரில் போய், பயணத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். வாங்கிய சான்று ஒரு மாதம்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்னதாக வாங்கியும் பயனில்லை. நாளைக்குப் படிப்பை முடித்து ஒரேயடியாகக் கிளம்பும்போதும் இதே 'ஏ' வகைதான். பெரும்பாலான கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் பிரிவு ஒன்று இருக்கும். "எனக்கு ஏ-வா, பி-யா?" என்ற ஒரு கேள்வியை அங்கே கேட்டால் போதும்.

ஒருவேளை டிக்கெட்டில் `PH` சேர்ந்திருந்தும், கவுண்டரில் அவசரத்தில் மறுபடி கட்டிவிட்டால் பணம் போய்விட்டது என்று விட வேண்டாம். இரட்டிப்பாகக் கட்டியதைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் டியேசாவிடம் திரும்பக் கேட்கலாம். ரசீது, டிக்கெட், பாஸ்போர்ட் நகல் ஆகியவை வேண்டும். இ.சி.சி. ரசீதையும் சென்னையில் இறங்கியதும் வீசிவிடாமல் பாஸ்போர்ட்டின் உள்ளேயே வைத்திருக்கட்டும். அதில்தான் மீண்டும் உள்ளே வருவதற்கான சான்றும் சேர்ந்திருக்கிறது. மணிலா திரும்பும் நாளில் குடியேற்ற அதிகாரி கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியது அதைத்தான்.