அம்மாவின் 61: லண்டன் ரிப்போர்ட்டும் கிளிநொச்சி ரிப்போர்ட்டும்

கேள்வி: அம்மாவுக்கு சீனி வருத்தம். ஜனவரியில் கிளிநொச்சியில் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை பார்த்தபோது 8.2 வந்தது. பிறகு அண்ணாவிடம் லண்டன் போய் நின்றவர், ஜூனில் அங்கு எடுத்த ரிப்போர்ட்டில் 61 என்று இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா 18ஆல் பெருக்கிப் பார்த்து 1098 என்கிறார், அண்ணா 6.1தான், குளிசையைக் குறைக்கலாம் என்கிறார். அம்மா பயத்தில் சோறே தொடுகிறாரில்லை. எது சரி?
– வாசகி, பரந்தன்

பதில்: இரண்டு பேர் சொன்னதும் பிழை, தங்கச்சி. அம்மாவின் 61 என்பது நம் ஊர்க் கணக்கில் 7.7 சதவீதம். முதலில் அவருக்கு வழக்கமான அளவு சோற்றைக் கொடுங்கள்.

மாமாவின் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. விரலில் குத்திப் பார்க்கும் சீனி வெளிநாட்டு மெஷினில் mmol/L என்று வரும், அதை 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய mg/dL கிடைக்கும். ஆனால் அம்மாவின் தாளில் இருப்பது mmol/mol. கடைசி எழுத்துகளைப் பாருங்கள், அது இரத்தத்தில் அந்த நேரம் ஓடும் சீனியே இல்லை, ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட சீனி. இங்கே 18க்கு வேலை கிடையாது.

அண்ணாவின் பிழைதான் ஆபத்தானது, ஏனென்றால் அது நியாயமாகப்படுகிறது. mmol/mol என்றால் ஆயிரத்துக்கு எத்தனை என்றுதான் அர்த்தம், அப்படியானால் 61ஐப் பத்தால் வகுத்தால் நூற்றுக்கு 6.1 வரவேண்டும்தானே? வராது. சதவீதத்தில் சொல்லும் பழைய முறை, சீனி ஒட்டிய ஹீமோகுளோபினோடு வேறு சிலவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. புதிய முறை, ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியின் நுனியில் சீனி ஒட்டியிருப்பதை மட்டும் எண்ணும். அதனால் ஒரே இரத்தத்துக்குப் பழைய முறையில் கூடுதலாகத்தான் காட்டும். பிரித்தானியாவில் 2011இலிருந்து சதவீதத்தை விட்டுவிட்டு mmol/mol மட்டும் கொடுக்கிறார்கள், இங்கே நம் கையில் வருவது இன்னும் பெரும்பாலும் சதவீதம்தான். மாற்றுவது இப்படி:

```
% = (mmol/mol × 0.0915) + 2.15
mmol/mol = (% − 2.15) × 10.929
```

அம்மாவின் 61ஐப் போடுங்கள்: 61 × 0.0915 = 5.58, அதோடு 2.15 கூட்டினால் 7.73. ஜனவரி 8.2ஐ மற்றப் பக்கம் மாற்றினால் 6.05 × 10.929, அதாவது 66. அண்ணா வெறுமனே பத்தால் வகுத்துவிட்டு அந்த 2.15ஐக் கூட்டாமல் விட்டார், 7.7க்கும் 6.1க்கும் இடையில் ஒரு குளிசையைக் கூட்டுவதா குறைப்பதா என்ற வித்தியாசம் கிடக்கிறது.

கால்குலேட்டர் இல்லாவிட்டால் ஒரு குறுக்குவழி உண்டு, முழு எண்களுக்கு மட்டும். 7 சதவீதம் என்றால் இரண்டைக் கழி, 5, திரும்பவும் இரண்டைக் கழி, 3, பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 53. 8க்கு 64, 9க்கு 75. அம்மாவின் 61, 53க்கும் 64க்கும் நடுவில் 64க்குக் கிட்ட இருக்கிறதென்று பார்த்தவுடனேயே 6.1 இல்லை என்று தெரிந்துவிடும்.

சரி, அம்மாவுக்குக் குறைந்திருக்கிறதா? 66இலிருந்து 61, சதவீதத்தில் ஏறக்குறைய அரை. (வித்தியாசத்தை மாற்றும்போது 2.15 வேண்டாம், ஒரு சதவீதம் ஏறக்குறைய 11 என்று வைத்தால் போதும்.) ஒரே இரத்தத்தை இரண்டு ஆய்வுகூடங்களில் கொடுத்தாலே 0.2, 0.3 முன்பின் வரும், ஆகவே அரை என்பது குறைந்தமாதிரித்தான், ஆனால் கொண்டாடும் அளவுக்கு இல்லை. அதோடு, லண்டனில் அம்மாவுக்கு இரத்தச்சோகை என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்களா என்று கேளுங்கள். இரும்புக் குறைவு இந்த எண்ணைச் சும்மா ஏற்றிவைக்கும், குளிசை குடித்துச் சோகை தேறும்போது சீனி மாறாமலே எண் இறங்கும். இரத்தம் ஏற்றியிருந்தாலும் அந்த எண்ணை நம்பமுடியாது. இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கமுடியாது, கிளினிக்கில் சொல்லத்தான் வேண்டும்.

கிளினிக் கொப்பியில் ஜூன் தேதியைப் போட்டு "61 mmol/mol, 7.7%" என்று அலகோடு எழுதிவிடுங்கள், வெறும் 61 என்று எழுதவேண்டாம். அடுத்த பரிசோதனையை, மூன்று மாதம் கழிந்ததும், ஜனவரியில் கொடுத்த அதே ஆய்வுகூடத்தில் கொடுங்கள். குளிசையை அதுவரை அப்படியே விடுங்கள், குறைப்பதைப் பற்றி டாக்டர் சொல்லட்டும், அண்ணா வேண்டாம்.