மதியத்தில் மட்டும் அடம்பிடிக்கும் வேனும் நான்கு இன்ஜெக்டர் விலைப்பட்டியலும்

கேள்வி: எங்கள் டீசல் வேன் காலையில் உடனே கிளம்புகிறது. தேக்காவில் சரக்கை இறக்கிவிட்டு இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், பத்து வினாடிக்கு மேல் சுற்றியும் பிடிப்பதில்லை. ஸ்கேனரில் P0087 என்ற கோளாறு எண் வருகிறது. நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற 3,800 வெள்ளி கேட்கிறார்கள். கொடுக்கலாமா? — உட்லண்ட்ஸ்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். P0087 என்பது, பம்ப் தரும் டீசலை எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் பொதுக்குழாயான ரெயிலில் அழுத்தம் குறைவு என்று மட்டுமே சொல்கிறது. அது எங்கே போனது என்று சொல்வதில்லை. அந்த எண்ணைப் பார்த்த கையோடு விலைப்பட்டியல் எழுதும் பட்டறைகள் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

காமன் ரெயில் என்ஜினில், ரெயிலில் அழுத்தம் ஏறக்குறைய 200 பாரைத் தொடும்வரை கணினி இன்ஜெக்டர்களைத் திறப்பதில்லை. இந்த அளவு என்ஜினுக்கு என்ஜின் சற்று மாறும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது என்ஜின் மெதுவாகத்தான் சுழல்கிறது, பம்ப் தரும் டீசலும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் ஓர் இன்ஜெக்டரின் உள்ளே தேய்ந்துபோன வால்வு வழியாக, மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்க்கு வழிந்துவிட்டால், அழுத்தம் ஏறாது. என்ஜின் ஒருமுறை பிடித்துவிட்டால் பம்ப் வேகமெடுத்து அந்தக் கசிவை ஈடுகட்டிவிடுவதால், ஓட்டத்தில் குறை தெரிவதில்லை. டீசல் சூடானால் நீர்த்துப்போய் அதே இடைவெளியில் கூடுதலாகக் கசியும். காலையில் நல்ல பிள்ளையாக இருக்கும் வேன் தேக்காவில் அடம்பிடிப்பது இதனால்தான். உங்கள் கடிதத்தில் உள்ள மிக உபயோகமான வரி அந்த இருபது நிமிடம்தான். பட்டறையில் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே ரிட்டர்ன் அளவுச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது, ஒவ்வோர் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒரே நீளமுள்ள கண்ணாடிபோன்ற குழாய்களால் அளவு குறித்த நான்கு பாட்டில்களில் இணைப்பார்கள். பழைய ரிட்டர்ன் பாதையின் திறந்த முனையை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பம்பிலிருந்து வரும் டீசல் அங்கே கொட்டும். பிறகு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அளவைப் பார்ப்பார்கள். என் மைத்துனரின் வேனில் வந்த அளவுகள் 24, 22, 71, 26 மில்லி லிட்டர். வால்வு திறந்து மூடும்போது சிறிதளவு டீசல் திரும்புவது இயல்பு என்பதால், இருபதைச் சுற்றி நின்ற மூன்றையும் குற்றம் சொல்ல முடியாது. மற்றவற்றைப்போல் மூன்று மடங்கு காட்டிய மூன்றாவது பாட்டில்தான் சந்தேகத்துக்குரியது.

அதோடு நிறுத்தவில்லை. இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, சில வினாடிகள் மட்டும் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டார்கள். மின்சாரம் இல்லாததால் வால்வு எதுவும் திறக்காது. ஆகவே அப்போது வரும் டீசல் கசிவாகவே இருக்க வேண்டும். மற்ற மூன்று பாட்டில்களில் ஓரிரு சொட்டு, மூன்றாவது பாட்டிலில் மட்டும் கண்ணெதிரே கம்பிபோல் ஒழுகியது. ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் 130 பாரிலேயே நின்றது. சுற்றுவதை நிறுத்தி, அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து, ரெயிலில் மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் வாயை அடைப்பு மூடியால் மூடி மறுபடி சுற்றினால் 280. குற்றவாளி யார் என்பதில் இதற்கு மேல் விவாதம் தேவையில்லை. ஒன்றை மட்டும் மாற்றினார்கள், மதியத்தில் இரண்டாம் வினாடியில் வேன் பிடித்தது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. இன்ஜெக்டரின் முனை சிலிண்டருக்குள் சொட்டினால் அது ரிட்டர்னில் தெரியாது; புகையும் தட்டும் சத்தமுமே அதைக் காட்டும். மின்காந்தத்துக்குப் பதில் படிகத்தால் வால்வைத் திறக்கும் பியேசோ வகை இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் பாதையில் எதிரழுத்தம் இருந்தாக வேண்டும் என்பதால், திறந்த பாட்டில் அங்கே தவறான தீர்ப்பையே தரும். உங்கள் வேனில் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: டாங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் சுத்திகரிப்புத் திரவம் 38 வெள்ளி. அது போதாதா? — ஈசூன்

பதில்: தேய்ந்த உலோகத்தைத் திரவம் வளர்க்காது.

கேள்வி: ஐடில் ஏறி இறங்குகிறது. இணையத்தில் மலிவாகப் பழைய இன்ஜெக்டர் நான்கு வாங்கிப் போட்டேன். இப்போது தட்டும் சத்தமும் சேர்ந்துகொண்டது. — ஜூரோங் வெஸ்ட்

பதில்: ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசலை எவ்வளவு நேரத்தில் பீய்ச்சுகிறது என்ற தனிக்கணக்கு அது. பல என்ஜின்களில் அதைக் கணினியில் ஏற்றினால்தான் அளவு சரியாகும். நீங்கள் அதை ஏற்றினீர்களா என்று எழுதவில்லை, விற்றவர் சோதனை அறிக்கை கொடுத்தாரா என்றும் எழுதவில்லை. இரண்டும் இல்லையென்றால், நீங்கள் பொருளை வாங்கவில்லை, நான்கு கேள்விக்குறிகளை வாங்கியிருக்கிறீர்கள்.

ஆனால் உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கும் முழுதாக இல்லை. ஆறாண்டுகளுக்கு முன் என் பழைய வேனில் ஐடில் ஒரே தாளத்தில் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தபோது, ஒரு பட்டறையின் சொல்லை நம்பி நான்கு புதிய இன்ஜெக்டர்கள் போட்டேன். தாளம் மாறவில்லை. பம்புக்குள் நுழையும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சிறிய வால்வு ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். கணினி அழுத்தத்தைக் கூட்டச் சொன்னால் வால்வு தாமதித்துத் திறந்து அளவை மீறும், குறைக்கச் சொன்னால் தாமதித்து மூடி கீழே போகும்; ஸ்கேனரில் கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றை மற்றொன்று துரத்துவது தெரியும். நான்கு பாட்டில்களிலும் அளவு ஒத்திருந்து ஐடில் மட்டும் ஆடினால், முதலில் அந்த வால்வைப் பாருங்கள்.

கேள்வி: இரவெல்லாம் நின்ற வேன் காலையில் மட்டும் நீண்ட நேரம் சுற்றுகிறது. மதியத்தில் சரியாக இருக்கிறது. இதுவும் இன்ஜெக்டரா? — பிடோக்

பதில்: அநேகமாக இல்லை. டாங்குக்கும் பம்புக்கும் இடையே காற்று புகுந்து டீசல் பின்வாங்குகிறது. வடிகட்டியின் ரப்பர் வளையத்தையும் குழாய்ப் பிடிப்புகளையும் பாருங்கள். இடையில் கண்ணாடிபோன்ற குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினால் குமிழிகள் தெரியும்.

கேள்வி: சோதனை எதுவும் செய்யாமல் நான்கையும் மாற்றினார்கள், குறை அப்படியே இருக்கிறது. "வேறு கோளாறு" என்று மேலும் பணம் கேட்கிறார்கள். என் அப்பாவின் சிறு நிறுவனத்து வேன். — தெம்பனிஸ்

பதில்: உங்கள் மேல் தவறில்லை, இதைப் படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. மேலும் ஒரு வெள்ளியும் கொடுக்காமல், கழற்றிய நான்கு இன்ஜெக்டர்களையும் இன்றே எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். வேறொரு டீசல் பட்டறையில் அவற்றைச் சோதனை மேசையில் ஏற்றி அறிக்கை பெறுங்கள். அவை நல்ல நிலையில் இருந்ததாக அறிக்கை வந்தால், தேவையில்லாத வேலைக்குப் பணம் வாங்கினார்கள் என்பதற்கு அதைவிட வலுவான தாள் கிடையாது. குறையுள்ள பொருளுக்குப் பரிகாரம் கேட்க வழிசெய்யும், 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் பயனீட்டாளருக்கானது, நிறுவனத்தின் பெயரில் உள்ள வேனுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. பழைய இன்ஜெக்டர்களை "தூக்கி எறிந்துவிட்டோம்" என்று அவர்கள் சொன்னால், அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயைத் தளர்த்தி, எது வேலை செய்யவில்லை என்று பார்க்கலாமா? பழைய லாரியில் அப்படித்தான் செய்வோம். — துவாஸ்

பதில்: கூடாது. ஐடிலிலேயே அந்தக் குழாயில் முன்னூறு பார் அளவில் அழுத்தம் இருக்கும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும், வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பழைய லாரி வேறு, இது வேறு.