எல்-லின் மேல் தெரியும் மங்கிய கோடு

கேள்வி: எங்கள் பச்சைத் தேயிலை கொள்முதல் நிலையத்தில் லாட் எழுத்தைக் காட்ட, 5×7 டாட் மேட்ரிக்ஸ் ஒன்றை நானே கட்டினேன். 555, 7493 கவுன்ட்டர், 74எல்எஸ்138 டீகோடர், எழுத்து வடிவங்கள் பதித்த 2716 இப்ராம், வரிசைக்கு பிசி327 டிரான்சிஸ்டர், நெடுவரிசைக்கு யுஎல்என்2003. பகலில் சரியாகத் தெரிகிறது. மூடுபனி இறங்கி இருட்டினால் எல் எழுத்தின் அடிக்கோட்டுக்கு மேல் இன்னொரு மங்கிய கோடு தெரிகிறது. டி எழுத்தில் கோளாறு இல்லை. ரோம் மெதுவானது என்கிறார் நண்பர். 555-இன் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா? 555-இல் 68கே, 47கே, 10 நானோஃபாரட் போட்டிருக்கிறேன்.
— வாசகர், கோத்தகிரி

பதில்: வேகத்தைக் கூட்டாதீர்கள், கோடு இன்னும் பளிச்சென்று தெரியும். ரோம் மீதும் பழி போட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே நல்ல தடயம் இருக்கிறது: எல்-லில் கோளாறு, டி-யில் இல்லை.

கவுன்ட்டரின் மூன்று பிட்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குப் போகின்றன. டீகோடர் அந்த எண்ணுக்குரிய ஒரு வரிசையை மட்டும் எரிய வைக்கிறது. ரோம் அதே மூன்று பிட்களைக் கடைசி மூன்று முகவரிக் கம்பிகளில் வாங்கி, அந்த வரிசையில் எந்தெந்தப் புள்ளிகள் எரிய வேண்டும் என்று சொல்கிறது. மேலே உள்ள ஏழு முகவரிக் கம்பிகளில் எழுத்தின் ஆஸ்கி எண். எல்-லின் எண் 76. எட்டால் பெருக்கினால் 608, அதாவது பதினாறடிமானத்தில் 260. ரோமில் அங்கே இருக்க வேண்டியது இது:

```
0x260  10000
0x261  10000
0x262  10000
0x263  10000
0x264  10000
0x265  10000
0x266  11111
0x267  00000
```

எட்டாவது எண்ணுக்கு வரிசை கிடையாது. அந்த நேரம் முழுக்க இருட்டு. (1970களில் இந்த வேலைக்கென்றே 2513 என்ற கேரக்டர் ரோம் வந்தது. அதில் 64 எழுத்துதான். இப்ராமில் நீங்களே பதிப்பது அதைவிட வசதி.)

இப்போது ஆறாவது வரிசையிலிருந்து ஏழாவதுக்கு மாறும் கணத்தைப் பாருங்கள். ரோம் 450 நானோநொடிக்குள் 11111 என்று மாறிவிடுகிறது. ஆனால் ஆறாவது வரிசையின் டிரான்சிஸ்டர் அதற்குள் அணையவில்லை. அணையும்வரை, ஏழாவதுக்கு வந்த 11111 ஆறாவதிலும் எரிகிறது. நீங்கள் பார்த்த கோடு அதுதான். கீழ்வரிசையின் உருவம் மேல்வரிசையில் விழுந்தால் வரிசை டிரான்சிஸ்டர் தாமதமாக அணைகிறது என்று பொருள். ரோமோ நெடுவரிசை டிரைவரோ தாமதம் என்றால் உருவம் எதிர்ப்பக்கம், மேலிருந்து கீழே, விழும். அப்போது டி-யின் தலைக்கோடு இரண்டாவது வரிசையில் மங்கலாகத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஏன் தாமதம்? பிசி327 ஒரு பிஎன்பி. அதன் எமிட்டர் 5 வோல்ட்டில் இருக்கிறது. 138-இன் வெளியீடு கீழே இறங்கும்போது 1கே வழியாக நாலு மில்லியாம்ப் இழுத்து, டிரான்சிஸ்டரை முழுக்க நிரப்பிவிடுகிறது. அணைக்கும்போதுதான் சிக்கல். எல்எஸ் வகை வெளியீடு தானாக 3.4 வோல்ட் அளவுக்குத்தான் ஏறும். பேஸில் சேர்ந்த மின்னூட்டத்தை 5 வோல்ட்டுக்கு இழுத்துக் காலிசெய்ய அதற்கு வலு இல்லை. அது தானே வடிய வேண்டியதுதான். சில பத்து மைக்ரோநொடிகள் போய்விடும். உங்கள் மதிப்புகளில் ஒரு வரிசை எரியும் நேரம் சுமார் 1,120 மைக்ரோநொடி. அதில் 30 போனால் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெயிலில் கண்ணுக்குப் படாத அந்த அளவு, இருட்டில் நன்றாகவே தெரியும். வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினால் வரிசைக்கு 112 மைக்ரோநொடி. 30 அப்படியே இருக்கும். நிழல் கால் பங்குக்கு மேல் போய்விடும்.

இருந்தாலும் சாலிடரிங் அயர்னைத் தொடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 10 நானோஃபாரடுக்குப் பதில் 10 மைக்ரோஃபாரட் போடுங்கள் (மின்முனை பார்த்து). வரிசைகள் ஒரு நொடிக்கு ஒன்று என்று நடக்கும். நிழல் மறைந்தால் நான் சொன்ன காரணமேதான். வேறு வரிசையின் நேரத்திலும் ஒரு வரிசை தொடர்ந்து மங்கலாக எரிந்தால் அது கசிவு. உங்கள் ஊர் ஈரத்தில் இதையும் சந்தேகப்பட வேண்டும். போர்டில் மிஞ்சிய ஃபிளக்ஸ் ஈரத்தை உறிஞ்சி, பேஸுக்கும் தரைக்கும் நடுவே ஒரு மெகாஓம் பாதை போட்டாலே சில மைக்ரோஆம்ப் ஓடும். டிரான்சிஸ்டர் அதை நூறு, இருநூறு மடங்காக்கிவிடும். கசிவு நிழலில் எல்லா வரிசைகளின் உருவமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எல்-லில் அந்த வரிசையின் ஐந்து புள்ளிகளுமே மினுங்கும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஒவ்வொரு பிசி327-க்கும் பேஸிலிருந்து எமிட்டருக்கு ஒரு 2.2கே ரெசிஸ்டர், டிரான்சிஸ்டரின் காலிலேயே வைத்துப் பற்றவையுங்கள். ஏழு ரெசிஸ்டர், அவ்வளவுதான். மின்னூட்டம் அதன் வழியே சீக்கிரம் வடியும். கசியும் மைக்ரோஆம்புகள் அதில் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் எழுப்ப முடியாது என்பதால் டிரான்சிஸ்டர் விழிக்காது. போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, காய்ந்தபின் வார்னிஷ் பூசுங்கள். அதற்குப் பிறகும் ரெசிஸ்டர் வேண்டும்.

மிச்சமிருக்கும் மைக்ரோநொடிகளையும் மறைக்க ஒரு கம்பி போதும். 138-இன் ஆறாவது காலை 5 வோல்ட்டில் கட்டியிருப்பீர்கள். அதை எடுத்து 555-இன் மூன்றாவது காலோடு இணையுங்கள். 7493 கடிகாரம் கீழே விழும்போது எண்ணுகிறது. அதே விழுதலில் டீகோடரும் மூடிக்கொள்ளும். கடிகாரம் மறுபடி ஏறும்போதுதான் புது வரிசை எரியும். இடையில் பழைய டிரான்சிஸ்டர் அணையும், ரோமும் நிலைபெறும். ஆனால் உங்கள் 68கே, 47கே மதிப்பில் இந்த இருட்டு 326 மைக்ரோநொடி, வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 68கே இடத்தில் 150கே, 47கே இடத்தில் 6.8கே போடுங்கள். இருட்டு 47 மைக்ரோநொடியாகச் சுருங்கும். இழப்பு நாலு சதவீதம். ஏழு வரிசையும் நொடிக்கு 110 முறை எரியும், அதனால் மினுக்கல் தெரியாது.

நெடுவரிசை ரெசிஸ்டர் என்ன மதிப்பு என்று நீங்கள் எழுதவில்லை. 100 ஓம் வையுங்கள். புள்ளிக்கு 18 மில்லியாம்ப் ஓடும், சராசரி இரண்டுக்குச் சற்று மேல். வெளிச்சம் போதவில்லை என்று 33 ஓம் வைக்கும் ஆசை வரும். 555 எப்போதாவது நின்றுபோனால் ஒரே வரிசை அந்த மின்னோட்டத்தை முழுநேரமும் தாங்க வேண்டியிருக்கும், அந்த எல்இடிகள் கருகிவிடும். 100 ஓமில் நின்றாலும் பிழைக்கும்.