கூட்டல் கழித்தல் சரிதான், விலைதான் பொய்

கேள்வி: ஸ்மார்ட் காண்ட்ராக்டுக்கு வெளியுலக விலை எப்படித் தெரிகிறது? ஒரே பரிவர்த்தனையில் விலையை மாற்றிப் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படி மாற்ற முடியுமா?

முடியும். என் ஒப்பந்தத்திலேயே செய்தார்கள். நீங்களும் கடன் தரும் ஒப்பந்தம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஒப்பந்தத்தால் இணையத்துக்குப் போய் விலை கேட்க முடியாது. வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கணினியும் அதே நிரலைத் தானும் ஓட்டி அதே விடையைப் பெற வேண்டும். கேட்கும் நேரத்துக்கு ஒரு விலை வந்தால் யாருடைய விடையும் ஒத்துப்போகாது. எனவே விலையை யாராவது ஒரு பரிவர்த்தனையாக பிளாக்செயின் சங்கிலிக்குள் எழுதிவைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குத்தான் ஆரக்கிள் என்று பெயர்.

நான் ஈடாக ஏற்ற டோக்கனுக்கு அப்படி விலை எழுதுபவர்கள் யாரும் அப்போது இல்லை. (சோம்பேறித்தனம் என்று பின்னூட்டத்தில் எழுதப்போகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) ஆனால் சங்கிலிக்குள்ளேயே அந்த டோக்கனும் டாலர் நாணயமும் கைமாறும் யூனிஸ்வாப் வி2 பூல் ஒன்று இருந்தது. அதன் கையிருப்புகளின் விகிதத்தையே விலையாக எடுத்துக்கொண்டேன்:

```solidity
(uint112 r0, uint112 r1, ) = pair.getReserves();
return uint256(r1) * 1e18 / r0;
```

இந்த இரண்டு வரிகள்தான் வினை. நடந்ததைச் சுலபமான எண்களில், கட்டணங்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன். பூலில் 1,00,000 டோக்கனும் 1,00,000 டாலரும் இருந்தன. விலை 1 டாலர். இரண்டையும் பெருக்கினால் வரும் எண்ணை மாறாமல் வைத்திருப்பதுதான் பூலின் விதி. வந்தவர் 1,00,000 டாலரை ஃபிளாஷ் லோனாக எடுத்தார். அதே பரிவர்த்தனைக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும், ஈடே கேட்காத கடன் அது. முழுவதையும் பூலில் போட்டு 50,000 டோக்கன் வாங்கினார். இப்போது பூலில் 2,00,000 டாலர், 50,000 டோக்கன். என் ஒப்பந்தம் எட்டிப் பார்த்தபோது விலை 4 டாலர்.

அந்த 50,000 டோக்கனை என்னிடமே ஈடு வைத்தார். 2,00,000 டாலர் மதிப்பு என்று நம்பிய ஒப்பந்தம், அதில் 75 சதவீதமாக 1,50,000 டாலரைக் கடன் கொடுத்தது. ஃபிளாஷ் லோனை அடைத்துவிட்டு 50,000 டாலரோடு போய்விட்டார். எல்லாம் ஒரே பரிவர்த்தனையில். விலை பழைய நிலைக்கு வந்தபின் என் கையில் இருந்த ஈட்டின் மதிப்பு 50,000 டாலர். ஆக, நட்டம் 1,00,000. மீதி 50,000 எங்கே போனது என்று நெடுநேரம் தேடினேன். வெளியே 1 டாலருக்கு டோக்கன் வாங்கி, ஊதிப்போன பூலில் விற்று விலையை இறக்கியவர்களிடம் போயிருந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் தணிக்கை செய்தவர்கள்மேல்தான். பெயர் வேண்டாம். மாறிகளின் பெயரில் எழுத்து சீராக இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள், getReserves() வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள். பணம் போன மறுநாள் தொலைபேசியில் "ஒப்பந்தம் எழுதியபடியே நடந்தது" என்றார்கள். உண்மைதான், அதற்காகவா கட்டணம் வாங்கினீர்கள்?

இப்போது விலையைச் செயின்லிங்க் என்ற ஆரக்கிளின் விலை ஊட்டத்திலிருந்து எடுக்கிறேன். பல கணுக்கள் தனித்தனியாக விலை சொல்ல, அவற்றின் நடு எண் பதிவாகிறது. எதீரியம் முதன்மைச் சங்கிலியின் ETH/USD ஊட்டத்தில் விலை 0.5 சதவீதம் நகர்ந்தாலோ ஒரு மணி நேரம் கடந்தாலோ புதிய பதிவு வரும். latestRoundData() தரும் updatedAt நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஊட்டம் நின்றுபோனது தெரியாமல் பழைய விலைக்கே கடன் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

"அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததே" என்பவர்களுக்கு, 2022 அக்டோபரில் மேங்கோ மார்க்கெட்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தக, கடன் தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஆரக்கிள் பொய் சொல்லவில்லை. அந்தத் தளத்தின் சொந்த டோக்கனான எம்என்ஜிஓ விற்பனையாகும் சந்தைகளே ஆழமற்றவை. ஒருவர் அங்கெல்லாம் வாங்கி விலையைப் பல மடங்கு ஏற்றினார். ஆரக்கிள் அந்த விலையை அப்படியே கொண்டுவந்து சேர்த்தது. ஏறிய மதிப்பைக் காட்டி 11 கோடி டாலருக்கு மேல் எடுத்துச் சென்றார். சந்தையே வளைந்திருக்கும்போது எத்தனை கணுக்கள் விலை சொன்னாலும் நடு எண்ணும் வளைந்துதான் வரும்.

அதனால் நான் ஒரு டோக்கனை ஏற்கும் முன், அதன் விலையை இரட்டிப்பாக்க எவ்வளவு பணம் தேவை என்று பார்க்கிறேன். மேலே சொன்ன பூலில் அதற்குச் சுமார் 41,000 டாலர் போதும். இன்று அப்படி ஒரு டோக்கனை ஈடாகக் கொண்டுவந்தால், எல்லோருக்கும் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் என் ஒப்பந்தம் கடன் கொடுக்காது. கஞ்சத்தனம் என்கிறார்கள், சொல்லட்டும்.