கஞ்சி வாளியோடு பாடும் பாட்டு

"நாகர்கோவில் பக்கம் எங்கள் சமுதாயச் சமையற்கூடத்தில் மதியம் கஞ்சியும் பயறும் கொடுக்கிறோம். பரிமாறுகிறவர்களில் கோயிலுக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர், அய்யா வழிக்காரர் எல்லோரும் உண்டு. சேர்ந்து பாட ஒரு பக்திப் பாடல் எழுதினேன். 'ஏழைக்கு அன்னம் இடும் நல்ல உள்ளம், இறைவன் வாழும் இல்லம்' என்று தொடங்குகிறது. யாரும் ஒட்டிப் பாடவில்லை. என்ன குறை?"

உங்கள் வரியை வரிசையில் நிற்பவர் காதால் கேட்டுப் பாருங்கள். அவர் பெயர் 'ஏழை'. நல்ல உள்ளம் உங்களுடையது. மருத்துவமனைக்கு வந்து பஸ்ஸைத் தவறவிட்டவரும் அந்த வரிசையில் நிற்பார். கொடுப்பவர் தம்மையே பாடிக்கொண்டால் அது பக்திப் பாடல் ஆகாது. நானும் ஒருமுறை நன்கொடையாளர் பெயர்களை அடுக்கிச் சரணம் எழுதினேன். மறு வருடம் அதில் பாதிப் பேர் இல்லை, பாட்டும் போயிற்று. ஆகவே பாட்டைச் சாமியை நோக்கித் திருப்புங்கள். சாமியை வரிசையில் நிறுத்துங்கள்.

கீர்த்தனை வேண்டாம், கும்மி மெட்டை எடுங்கள். வாளியும் அகப்பையும் பிடித்த கை தாளம் போடாது; ஆனால் கும்மியின் நடை காலிலேயே இருக்கிறது.

வாசலில் நிற்பவர் யாரென்று கேளோம்
வருக அமர்க எனவுரைப்போம்
பாசிப் பயறோடு கஞ்சியை உண்ணப்
பசியாய் வருவாய் பரம்பொருளே

இரண்டிரண்டு வரியாக எண்ணினால் ஏழு சீர். ஏழு தட்டு விழும், எட்டாவது தட்டில் மூச்சு. அந்த மூச்சில்தான் அகப்பை சாயும். 'வாசல்', 'பாசி' என்று இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. 'வாசலில்–வருக', 'பாசி–பசியாய்' மோனை. தாள் பார்க்க முடியாதவருக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பவை இவைதாம். நம் ஊரில் சிறுபயறு என்றுதான் சொல்வோம். வாசலுக்கு எதுகை தேடித்தான் பாசியைப் பிடித்தேன்.

'பரம்பொருளே' என்பது மூன்று தரப்பாரும் தயங்காமல் சொல்லக்கூடிய சொல். தேவாலய அசன விருந்தில் பாடினால் 'இறைமகனே' என்று மாற்றலாம். அசை அப்படியே பொருந்தும். 'ஆண்டவரே' என்று போட்டால் இடறும். 'வருவாய்' என்பது நேரசையில் முடியும் மாச்சீர். அதற்குப் பின் 'பரம்', 'இறை' போல இரண்டு உயிரொலி சேர்ந்த நிரையசை வரவேண்டும். 'ஆண்' ஒரே உயிரொலி கொண்ட நேரசை. இலக்கணம் தெரியாவிட்டாலும், பாடும்போது அந்த இடத்தில் நாக்கு ஒரு கணம் நிற்பதைக் கவனித்தால் பிழை பிடிபடும்.

ஒருவர் முன்பாட்டுப் பாட, மற்றவர் திருப்பிச் சொல்லட்டும். சுருதியைத் தாழ்த்தியே வையுங்கள். அடுப்பு ஆவியில் நின்ற தொண்டை மேல்ஸ்தாயிக்கு ஏறாது. முதல் நாள் சமைக்கிறவரைப் பாடச் சொல்லுங்கள். அவர் திணறும் சொல்லை வெட்டிவிடுங்கள். இன்னும் இரண்டு சரணம் போதும். அதற்கு மேல் போனால் கஞ்சியில் ஆடை படிந்துவிடும்.