அஞ்சு வருஷமா அதே ஆயிரம் ரூபா, கிளையன்ட்கிட்ட ரேட் ஏத்துறத எப்படி சொல்றது?

கேள்வி: 2021ல இருந்து நாலு கம்பெனிக்கு பிளாக் எழுதிட்டு இருக்கேன். 1000 வார்த்தை போஸ்ட்டுக்கு 1000 ரூபா, அன்னைக்கு சொன்ன ரேட்டு இன்னும் மாறல. மாசம் 12, 8, 6, 4னு மொத்தம் 30 போஸ்ட். முன்னாடி ஒரு போஸ்ட்டுக்கு 4 மணி நேரம் ஆகும், இப்போ படம் தேடுறது, சைட்ல ஏத்துறதுன்னு அஞ்சரை மணி நேரம் ஆகுது. கேட்டா போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு. எவ்ளோ ஏத்தலாம், மெயில்ல என்னன்னு எழுதுறது? (வாசகி, மதுரை)

பதில்: உங்க கேள்வில இருக்குற கடைசி கணக்கதான் நான் முதல்ல பாத்தேன். 1000 ரூபாய 4 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 250, அஞ்சரையால வகுத்தா 180 சொச்சம். அதாவது நீங்க ரேட்ட ஏத்தாம மட்டும் இல்ல, உங்களுக்கே தெரியாம குறைச்சிட்டு வந்துருக்கீங்க. இதுக்கு மேல விலைவாசி வேற. வருஷத்துக்கு 5 சதவீதம்னு வெச்சாலே அன்னைக்கு 1000 ரூபாய்க்கு வாங்கினத இன்னைக்கு வாங்க 1276 ரூபா வேணும். அதனால 1300னு கேக்குறது பழைய இடத்துக்கு திரும்பி வர்றதுதான், அதுக்கு கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

ஆனா 1300 விலைவாசிய மட்டும்தான் ஈடுகட்டும், அந்த ஒன்றரை மணி நேரத்த ஈடுகட்டாது. ரெண்டையும் ஒரே நம்பர்ல போட்டு 1700, 1800னு கேட்டா எதுக்கு இவ்ளோன்னு அவங்களுக்கு புரியாது, சும்மா கூட்டிட்டாங்கன்னு தோணும். அதனால பிரிச்சு சொல்லுங்க. எழுதுறதுக்கு 1300, படம் தேடி வேர்ட்பிரஸ்ல ஏத்தித் தரணும்னா போஸ்ட்டுக்கு 200 தனி. வேணாம்னு சொன்னா அந்த வேலைய அவங்க ஆள் பாத்துப்பாங்க, உங்களுக்கு 4 மணி நேரத்துல போஸ்ட் முடியும், மணிக்கு 325 வரும்.

இப்ப பயத்துக்கு வருவோம், அதையும் கணக்கா போட்டு பாத்துடலாம். இன்னைக்கு வருமானம் 30,000. 1300 ரேட்ல அதே 30,000 வர 24 போஸ்ட் இருந்தா போதும் (31,200 வரும்). 4 போஸ்ட்காரர் போனா உங்களுக்கு நஷ்டமே இல்ல, 6 போஸ்ட்காரர் போனாலும் இல்ல, வேலையும் குறையும். 8 போஸ்ட்காரர் போனா 1,400 ரூபா துண்டு விழும், அது சமாளிக்கக் கூடியது. உண்மையான ஆபத்து 12 போஸ்ட் கம்பெனி ஒண்ணுதான், அவங்க போனா மீதி 18 போஸ்ட்டுக்கு 23,400தான், மாசம் 6,600 குறையும். புது ஆள் பிடிக்க நாலு மாசம் ஆகும்னு வெச்சுக்கிட்டா 26,400, இத முதல்ல சேவிங்ஸ் அக்கவுண்ட்ல தனியா ஒதுக்கி வெச்சிட்டு அப்புறம் அவங்களுக்கு மெயில் அனுப்புங்க. கையில காசு இருக்குறப்போ எழுதுற மெயிலும் இல்லாதப்போ எழுதுற மெயிலும் வேற வேற மாதிரி இருக்கும், படிக்கிறவங்களுக்கும் அது தெரியும்.

அதனால நாலு பேருக்கும் ஒரே நாள்ல அனுப்பாதீங்க. 4, 6 போஸ்ட்காரங்களுக்கு முதல்ல, ஒரு வாரம் கழிச்சு 8, கடைசியா 12. முதல் ரெண்டு பதில்லயே எந்த வரி அவங்களுக்கு இடிக்குதுன்னு தெரிஞ்சிடும், பெரிய ஆளுக்கு போறதுக்குள்ள சரி பண்ணிக்கலாம். நேரம்னு பாத்தா பிப்ரவரி நடுவுல அனுப்பி ஏப்ரல் 1ல இருந்து மாத்துறது நல்லது. கம்பெனிகளுக்கு புது நிதியாண்டு ஏப்ரல்ல ஆரம்பிக்குது, பட்ஜெட் போடுற நேரத்துல சொன்னா உங்க நம்பரும் அதுல போய் உக்காந்துக்கும். ஆகஸ்ட்ல சொன்னா பட்ஜெட் முடிஞ்சிடுச்சுன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும்.

மெயில் இவ்ளோ இருந்தா போதும்:

"வணக்கம் சார், 2021ல இருந்து உங்க பிளாக்குக்கு எழுதிட்டு வர்றேன், கட்டணம் இதுவரைக்கும் மாறல. ஏப்ரல் 1 முதல் 1000 வார்த்தை போஸ்ட்டுக்கு 1300 ரூபாய், இதுல ஒரு முறை திருத்தம் அடங்கும். படம் தேர்வு செஞ்சு சைட்ல ஏத்தித் தரணும்னா போஸ்ட்டுக்கு 200 ரூபாய் தனி. மார்ச் மாசத்துக்கான வழக்கமான 8 போஸ்ட்டும் பழைய கட்டணத்துலயே முடிச்சுத் தர்றேன். மார்ச் 10க்குள்ள உங்க சம்மதத்த ஒரு வரில சொன்னா ஏப்ரல் வேலைய திட்டமிட வசதியா இருக்கும். நன்றி."

வழக்கமான 8 போஸ்ட்னு எண்ணிக்கை போட்டிருக்கேன் பாருங்க (ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க எண்ணிக்கைய மாத்திக்கோங்க), அத விட்டுடாதீங்க. என்கிட்ட வந்த ஒருத்தங்க மார்ச்ல குடுக்குற தலைப்பெல்லாம் பழைய ரேட்னு மொட்டையா எழுதிட்டாங்க, கிளையன்ட் மார்ச் 30ந்தேதி நாப்பது தலைப்ப ஒரே ஷீட்ல அனுப்பிட்டாரு, ஆகஸ்ட் வரைக்கும் பழைய விலைலயே எழுதினாங்க பாவம். அப்புறம் வீட்டு வாடகை ஏறிடுச்சு, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ்னு காரணம் எழுதாதீங்க, உங்க செலவு அவங்க பிரச்சினை இல்ல, அதுக்கு இரக்கம்தான் வரும், அந்த இரக்கம் ஒரு தடவைக்கு மேல வேலை செய்யாது. தப்பா நினைச்சுக்காதீங்கன்னும் வேணாம்.

வர்ற பதில்ல ரொம்ப குழப்புறது மௌனம். பதில் வரலன்னா சம்மதம்னு எடுத்துக்கிட்டு ஏப்ரல் கடைசில 1300 போட்டு இன்வாய்ஸ் அனுப்பினா, அக்கவுண்ட்ஸ்ல பழைய பர்ச்சேஸ் ஆர்டர காட்டி நிறுத்தி வெச்சிடுவாங்க. மார்ச் 10 தாண்டினா போன் பண்ணி கேளுங்க, அப்புறம் பேசினத ஒரு மெயில்ல போடுங்க. இன்னொண்ணு, கொஞ்சம் குறைச்சுக்கோங்களேன்னு கேப்பாங்க. விலைய மட்டும் குறைச்சா 1300 சும்மா சொன்ன நம்பர்னு ஆகிடும், வேலையயும் சேத்து குறைங்க: 1000 ரூபாய்தான் முடியும்னா 750 வார்த்தை. அந்த 12 போஸ்ட்காரருக்கு மட்டும் ஒரு விட்டுக்குடுக்கல் வெச்சுக்கலாம், ஏப்ரல்ல 1150, அக்டோபர்ல 1300ன்னு ரெண்டு படியா. ஆனா ரெண்டு தேதியும் இப்பவே எழுத்துல வாங்கிடுங்க, இல்லன்னா அக்டோபர்ல மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

கடைசியா வருமான வரி விஷயம் ஒண்ணு, இத யாரும் யோசிக்கிறதில்ல. உங்க 4 போஸ்ட் கம்பெனி இப்ப வருஷத்துக்கு 48,000 குடுக்குறாங்க. தொழில்முறை கட்டணம் ஒரு வருஷத்துல 50,000 தாண்டினா கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கணும், 2025 ஏப்ரல்ல இருந்து அதுதான் வரம்பு, முன்னாடி 30,000. புது ரேட்ல அது 62,400 ஆகுது, அதனால மாசம் 5,200க்கு பதிலா 4,680 வந்து விழலாம். ரேட்ல கை வெச்சுட்டாங்கன்னு சண்டைக்கு போயிடாதீங்க. பிடிச்ச பணம் உங்க பான்ல ஏறியிருக்கான்னு வருமான வரி சைட்ல பாத்துக்கோங்க. உங்களுக்கு வேற பெரிய வருமானம் இல்லன்னா ரிட்டர்ன் போடுறப்போ அது ரீஃபண்டா திரும்பி வந்துடும்.